வால்வின் வளைவும் ஒலிபெருக்கியின் மேடுபள்ளமும்

டிரான்சிஸ்டருக்குப் பதிலாகச் சூடான வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு விளக்கம் தவறாமல் வந்து நிற்கும். வால்வு மூல அதிர்வெண்ணின் இரண்டு, நான்கு மடங்குகளான இரட்டைப்படை ஹார்மானிக்குகளைச் சேர்க்கிறது, டிரான்சிஸ்டர் மூன்று, ஐந்து மடங்குகளான ஒற்றைப்படை ஹார்மானிக்குகளைச் சேர்க்கிறது, இரட்டைப்படை காதுக்கு இனிமையானது, ஆகவே வால்வின் ஒலி இதமாக இருக்கிறது என்பதே அந்த விளக்கம். பழுது பார்ப்பவர்களும் சொல்கிறார்கள், விற்பவர்களும் சொல்கிறார்கள், வாங்கியவர்களும் சொல்கிறார்கள். இது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஓரளவு உண்மை கலந்திருப்பதால் அப்படிச் செய்யவும் முடியவில்லை. நண்பர் ஒருவர் தம்முடைய புஷ்-புல் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பாடவிட்டு இதே விளக்கத்தைச் சொன்ன நாளில்தான் அந்த உறுத்தல் தெளிவான கேள்வியாக உருவெடுத்தது. இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பின் சிறப்பே, அதில் இரட்டைப்படை ஹார்மானிக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்பதுதான். அங்கே பெரும்பாலும் இல்லாமல் போய்விட்ட ஒன்று எப்படி இதம் தர முடியும்? ஆனால் அவருடைய அறையில் ஒலி வேறாகத்தான் கேட்டது. அதை நான் மறுக்கவில்லை.

விடையைத் தேடப் போனால் வால்வின் உள்ளே இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. வேறுபாட்டின் மூலம் எதுவாக இருந்தாலும் அது மூன்று முனை வால்வான டிரையோடு வேலை செய்யும் விதத்தோடு எங்கோ ஓரிடத்தில் தொடர்புடையதாகத்தான் இருக்கும். அந்தத் தொடர்பு நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

## கிரிட் எதைக் கட்டுப்படுத்துகிறது

1904இல் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் அமைத்த டையோடில் கேத்தோடு என்னும் சூடான ஒரு முனையும் அதை எதிர்கொண்டு ஆனோடு என்னும் ஒரு தகடும் மட்டுமே இருந்தன. லீ டி ஃபாரஸ்ட் அவற்றுக்கு இடையில் மூன்றாவதாக ஒரு கம்பியைச் சேர்த்தார், அதுதான் கிரிட். சேர்த்தது சிறிய பொருள் என்றாலும் அதன் வேலையைப் புரிந்துகொள்ள, கேத்தோடின் மேற்பரப்பில் நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆக்ஸைடு பூசிய கேத்தோடு ஏறத்தாழ 1,000 கெல்வின் வெப்பத்தில் இருக்கும்போது, ஆனோடுக்குத் தேவையானதைவிட மிக அதிகமான எலக்ட்ரான்கள் அதிலிருந்து வெளியே வருகின்றன. வந்த எலக்ட்ரான்கள் அனைத்தும் ஆனோடுக்குப் போய்விடுவதில்லை. கேத்தோடை ஒட்டி அவை ஒரு திரளாகத் தங்கிவிடுகின்றன. அந்தத் திரளின் எதிர்மின்சுமை பின்னால் வரும் எலக்ட்ரான்களைத் திரும்பக் கேத்தோடுக்கே தள்ளிவிடுகிறது. ஆகவே எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைத் தீர்மானிப்பது கேத்தோடு எத்தனை எலக்ட்ரான்களை உமிழ்கிறது என்பதன்று. திரளின் தடையை மீறி எத்தனை எலக்ட்ரான்களை வெளியே இருக்கும் மின்புலம் இழுத்துக்கொள்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

அந்த இழுப்பு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. தொலைவில் இருக்கும் ஆனோடின் நேர்மின்னழுத்தம் இழுக்கிறது; அருகில் இருக்கும் கிரிட்டின் எதிர்மின்னழுத்தம் அந்த இழுப்பைக் குறைக்கிறது. கிரிட் கேத்தோடுக்கு மிக நெருக்கமாக இருப்பதாலும், ஆனோடின் புலம் கிரிட் கம்பிகளின் இடுக்குகள் வழியாகத்தான் உள்ளே கசிந்து வர வேண்டும் என்பதாலும், கிரிட்டில் செய்யும் சிறு மாற்றம் ஆனோடில் செய்யும் பெரிய மாற்றத்துக்கு ஈடாகிறது. 12AX7 என்ற வால்வில் இந்த விகிதம் 100. கிரிட்டில் 1 வோல்ட் மாற்றம் என்பது ஆனோடில் 100 வோல்ட் மாற்றத்துக்குச் சமம். μ என்ற எழுத்தால் குறிக்கும் இந்தப் பெருக்கக் காரணி, பெரும்பாலும் கம்பிகளின் இடைவெளியையும் கேத்தோடிலிருந்து அவை இருக்கும் தூரத்தையும் பொறுத்த வடிவியல் சங்கதி. வால்வு தேய்ந்து உமிழ்வு குறைந்தாலும் μ அதிகம் மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கிரிட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும்வரை எலக்ட்ரான்கள் அதில் போய் விழுவதில்லை. ஆகவே கிரிட்டுக்குச் சிக்னலைத் தரும் மூலம் ஏறக்குறைய எந்த மின்னோட்டத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. பெருக்கம் என்று நாம் சொல்வது உண்மையில் உள்ளே வந்த சிக்னல் வளர்வதன்று. மின்வழங்கி தரும் நேர்மின்னோட்டத்தை, வந்த சிக்னலின் வடிவத்துக்கு ஏற்ப மாறும்படி செய்கிறோம். வெளியே போவது முழுக்க மின்வழங்கியின் ஆற்றல். சிறிய ஊடுகுறிப்பு ஒன்று: 12AX7 வால்வில் ஒரு டிரையோடு எடுக்கும் மின்திறன் அரை வாட்டுக்கும் குறைவு, அதன் இழையைச் சூடாக்க மட்டும் ஏறத்தாழ 1.9 வாட் போகிறது. இரண்டு டிரையோடுகள் அந்த ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இருந்தாலும், வேலைக்குச் செலவாவதைவிட வெப்பத்துக்குச் செலவாவதே அதிகம்.

## ஒரு நிலையைக் கணக்கிட்டுப் பார்த்தல்

பழைய வரைபடங்களில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். மின்வழங்கி 300 வோல்ட். ஆனோடுக்கும் மின்வழங்கிக்கும் இடையே 100 கிலோஓம் மின்தடை. கேத்தோடுக்குக் கீழே 1.5 கிலோஓம் மின்தடை, அதற்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய கெபாசிட்டர். கேத்தோடு மின்தடையில் பாயும் மின்னோட்டம் கேத்தோடைச் சற்று உயர்த்திவிடுகிறது. கிரிட் பூஜ்ஜியத்தில் இருப்பதால் கேத்தோடோடு ஒப்பிடும்போது அது எதிர்மின்னழுத்தத்துக்குப் போய்விடுகிறது. வால்வு தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளும் எளிய முறை இது. கேத்தோடில் மீட்டரை வைத்து ஏறத்தாழ 1.5 வோல்ட் காட்டினால் 1 மில்லிஆம்பியர் பாய்கிறது என்று பொருள். மீட்டர் பூஜ்ஜியத்துக்கு அருகில் காட்டினால் வால்வு உமிழவில்லை, அல்லது ஆனோடுக்கு மின்னழுத்தம் வரவில்லை. வழக்கத்தைவிட மிக அதிகமாகக் காட்டினால், முந்தைய நிலையிலிருந்து வரும் இணைப்புக் கெபாசிட்டர் கசிந்து கிரிட்டுக்கு நேர்மின்னழுத்தத்தைக் கொண்டுவருகிறதா என்று முதலில் பார்ப்பேன்.

சிக்னல் இல்லாதபோது இந்த அமைப்பில் சுமார் 0.95 மில்லிஆம்பியர் பாய்கிறது. 100 கிலோஓமில் 95 வோல்ட் விழுகிறது; ஆனோடில் 205 வோல்ட் எஞ்சுகிறது. இப்போது கிரிட்டை 1 வோல்ட் மேலே தூக்குவோம். மின்னோட்டம் சுமார் 1.6 மில்லிஆம்பியருக்கு உயர்கிறது; ஆனோடு 140 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அடுத்து கிரிட்டை இருந்த இடத்திலிருந்து 1 வோல்ட் கீழே இறக்குவோம். மின்னோட்டம் சுமார் 0.42 மில்லிஆம்பியராகக் குறைகிறது. ஆனோடு 258 வோல்ட்டுக்கு ஏறுகிறது. கிரிட்டில் மொத்தம் 2 வோல்ட் ஆட்டம் ஆனோடில் 118 வோல்ட் ஆட்டமாகிறது. பெருக்கம் ஏறத்தாழ 59. இதைச் சூத்திரத்தாலும் சரிபார்க்கலாம்:

```
A = μ × R / (R + r)
```

இங்கே R என்பது ஆனோடின் சுமை மின்தடை, r என்பது வால்வின் உள்மின்தடை. 100 கிலோஓமும், தரவுத்தாள் 250 வோல்ட்டுக்குத் தரும் 62.5 கிலோஓமும் இட்டால் 61.5 கிடைக்கிறது. மேலே கண்ட விடைக்கு மிக நெருக்கம்தான்.

ஆனால் நமக்கு முக்கியமானது பெருக்கத்தின் அளவன்று. ஆனோடு கீழே இறங்கியது 65 வோல்ட், மேலே ஏறியது 53 வோல்ட் மட்டுமே. உள்ளே கொடுத்தது மேலும் கீழும் சமமான அலை. வெளியே வந்தது ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் குறுகிய அலை. அலையின் இரு பாதிகளுக்கும் இடையே உள்ள இந்தச் சமமின்மையே இரண்டாம் ஹார்மானிக், அதாவது மூல அதிர்வெண்ணைப் போல் இருமடங்கு அதிர்வெண் கொண்ட சேர்க்கை. இந்த இரண்டு எண்களின் வேறுபாடான 12ஐ 4ஆல் வகுத்தால் 3 வோல்ட். மூல அலையின் வீச்சு 59 வோல்ட். ஆகவே இரண்டாம் ஹார்மானிக் 5 விழுக்காடு. பலரும் வியந்து பேசும் இரட்டைப்படை ஹார்மானிக்கின் பிறப்பிடம் இதுதான். அந்த விளக்கத்தில் இருக்கும் உண்மையும் இதுதான்.

இந்த வளைவு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரான் திரளின் கட்டுப்பாட்டில் பாயும் மின்னோட்டம், இழுக்கும் மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கில் உயர்கிறது. 1911இல் கிளமென்ட் சைல்டும் அதற்குப்பின் இர்விங் லாங்மியூரும் நிறுவிய விதி இது. ஒன்றரை அடுக்கு என்பது நேர்கோடும் அன்று, செங்குத்தாக எழும் வளைவும் அன்று. டிரான்சிஸ்டரில் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 18 மில்லிவோல்ட் கூடினாலே மின்னோட்டம் இரட்டிப்பாகிவிடும். அதனோடு ஒப்பிட்டால் டிரையோடின் வளைவு மிக மென்மையானது. மென்மையான வளைவு இரண்டாம் ஹார்மானிக்கைக் கணிசமாகவும் மூன்றாவதைச் சிறிதளவும் தரும். அதற்கு மேலுள்ளவை வேகமாக மங்கிவிடும்.

இன்னொன்றும் நடக்கிறது. மின்னோட்டம் கூடும்போது ஆனோடின் மின்னழுத்தம் இறங்குகிறது. இறங்கிய ஆனோடு எலக்ட்ரான்களை முன்னைவிடக் குறைவாக இழுக்கிறது. ஆகவே மின்னோட்டம் கூடுவது தானாகவே மட்டுப்படுகிறது. டிரையோடுக்குள்ளேயே ஒரு பின்னூட்டம் இருக்கிறது என்று இதைச் சொல்லலாம். சுமை மின்தடையை உயர்த்த உயர்த்த இந்தப் பின்னூட்டம் வலுக்கும். மின்னோட்டம் மாறவே மாறாதபடி ஒரு நிலையான மின்னோட்ட மூலத்தைச் சுமையாக வைத்தால், கிரிட் 1 வோல்ட் ஏறும்போது ஆனோடு சரியாக μ வோல்ட் இறங்கித்தான் சமன்செய்ய முடியும். μ ஏறக்குறைய மாறிலி என்பதால் வெளியீடும் ஏறக்குறைய நேர்கோடாகிறது. அலையின் வடிவம் கெடுவதாகிய திரிபு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மின்னோட்டத்தில் இவ்வளவு வளைந்த ஒரு கருவி மின்னழுத்தத்தில் இவ்வளவு நேராக இருப்பது டிரையோடின் மிக அழகான பண்பு என்று நான் நினைக்கிறேன். தகட்டின் இந்தச் செல்வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே பண்பு வேறொரு வேலையைச் செய்யப் போகிறது.

## இரட்டைப்படைக் கதை எங்கே நிற்காமல் போகிறது

5 விழுக்காடு என்பது கிரிட்டில் 1 வோல்ட் வீச்சு கொடுத்தபோது கிடைத்த எண். இரண்டாம் ஹார்மானிக்கின் விழுக்காடு வீச்சோடு நேராகக் குறையும். கிரிட்டில் 0.1 வோல்ட் கொடுத்தால் அரை விழுக்காடு. 10 மில்லிவோல்ட் கொடுத்தால் 0.05 விழுக்காடு. வீட்டில் பாட்டுக் கேட்கும் அமைப்பின் முன்நிலைகளில் புழங்கும் வீச்சுகள் இத்தகைய சிறிய வீச்சுகள்தாம். அரை விழுக்காடு என்பது மூல ஒலிக்கு 46 டெசிபெல் கீழே. அதுவும் மூலத்துக்குச் சரியாக ஓர் எண்மம், அதாவது இருமடங்கு அதிர்வெண், மேலே வருவதால் மூல ஒலியே அதை மறைத்துவிடுகிறது. ஓர் ஒலி தனக்கு மேலே உள்ள அதிர்வெண்களை நன்றாக மறைக்கும் என்பது செவிப்புலனின் தெரிந்த பண்பு. இதம் தருவதற்கு முதலில் அது கேட்க வேண்டும் அல்லவா?

கேட்கும் அளவுக்கு அதைக் கூட்டினாலோ வேறொரு சிக்கல் வருகிறது. இசையில் ஒற்றைச் சுரம் தனியாக ஒலிப்பது அரிது. 440 ஹெர்ட்ஸும் 523 ஹெர்ட்ஸும் ஒரே வீச்சில் சேர்ந்து வந்தால், அதே வளைவு 880ஐயும் 1,046ஐயும் மட்டும் தருவதில்லை. இரண்டின் கூட்டலான 963ஐயும் கழித்தலான 83ஐயும் சேர்த்தே தருகிறது. வளைவின் இரண்டாம் அடுக்கை மட்டும் கணக்கில் கொண்டால், இந்தக் கூட்டலும் கழித்தலும் ஒவ்வொன்றும் ஹார்மானிக்கைப் போல் இருமடங்கு வீச்சில் வரும். அவை வாசிக்கப்பட்ட எந்தச் சுரத்தின் மடங்கும் அல்ல. இரண்டாம் ஹார்மானிக் எண்மத்தில் இருப்பதால் இசைக்கு இணக்கமானது என்று சொல்பவர்கள், அதனுடன் பிரிக்க முடியாமல் வரும் இந்தக் கூட்டல் கழித்தல்களைச் சொல்வதில்லை.

அடுத்து நண்பரின் ஆம்ப்ளிஃபயர். புஷ்-புல் அமைப்பில் இரண்டு வால்வுகள் எதிரெதிரான சிக்னலைப் பெறுகின்றன. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. ஒரு வால்வின் அலை மேல்பக்கம் பருத்திருக்கும்போது மற்றதன் அலை கீழ்ப்பக்கம் பருத்திருப்பதால், கழித்தபின் இரு பாதிகளும் சமமாகிவிடுகின்றன. இரட்டைப்படை போகிறது; ஒற்றைப்படை எஞ்சுகிறது. வால்வுகளின் பொருத்தம் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு முழுமையாகப் போகிறது. உலகில் செய்யப்பட்ட உயர்தர வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பங்கு இந்த வகையைச் சேர்ந்தது. அவற்றில் பெயர்பெற்ற ஒன்று டி. டி. என். வில்லியம்சன் 1947இல் வெளியிட்ட வடிவமைப்பு: டிரையோடாக இணைத்த இரண்டு வெளியீட்டு வால்வுகள், 20 டெசிபெல் பின்னூட்டம், 15 வாட் வெளியீட்டில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைந்த திரிபு. இதில் முழுக்க வால்வுகள்தாம் இருக்கின்றன. ஆனால் திரிபால் வரக்கூடிய 'வால்வு ஒலி' என்று எதுவும் இதில் எஞ்சியிருக்க வழியில்லை.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? அதன் முக்கியமான ஊற்றுகளில் ஒன்று ரஸ்ஸல் ஹாம் 1973இல் ஒலிப் பொறியியலாளர்களுக்காக எழுதிய கட்டுரை. அவர் ஆராய்ந்தது ஒலிப்பதிவுக் கூடத்தின் மைக்ரோஃபோன் முன்பெருக்கிகளை, அதுவும் அளவுக்கு மீறிய சிக்னலால் திணறும் நிலையில். அந்த நிலையில் வால்வும் டிரான்சிஸ்டரும் வேறுவேறு விதமாக மடங்கின என்பது நியாயமான அவதானிப்பு. அதைத் திணறாமல் ஓடும் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்திக்கொண்டது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை.

டிரான்சிஸ்டர் தரப்பிலும் ஒரு நியாயமான காரணம் இருந்ததைச் சொல்லியாக வேண்டும். தொடக்க காலப் புஷ்-புல் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில், ஒரு டிரான்சிஸ்டரிடமிருந்து மற்றதற்கு வேலை கைமாறும் இடத்தில் அலையில் ஒரு சிறு மடிப்பு விழும். அந்த மடிப்பின் அளவு ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், ஒலியைக் குறைக்கக் குறைக்க அதன் விழுக்காடு ஏறிக்கொண்டே போகும். உயர்ந்த ஒற்றைப்படை ஹார்மானிக்குகளும் அதில் நிறைய இருக்கும். டிரையோடின் திரிபு நடந்துகொள்வதற்கு நேர் எதிர். அன்று இரண்டையும் அருகருகே கேட்டவர்கள் வால்வைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. நன்கு நிலைப்படுத்திய இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அந்த மடிப்பைக் கருவி வைத்துத்தான் தேட வேண்டும்.

## தகடு செய்த இரண்டாவது வேலை

நண்பரின் அறைக்குத் திரும்புவோம். திரிபு காரணமில்லை என்றால் வேறு எது? அவருடைய ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸை, அதாவது வெளியீட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அதன் சொந்த மின்தடையை, அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. அளப்பது எளிது. மிதமான வீச்சில் ஒரு நிலையான சுரத்தைக் கொடுத்து, 16 ஓம் மின்தடையை இணைத்து மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு 8 ஓம் மின்தடையை இணைத்து மீண்டும் குறித்தால் போதும். உள்ளே மறைந்திருக்கும் மின்தடை பெரிதாக இருந்தால் இரண்டாவது எண் தெளிவாக இறங்கும். சுமையே இல்லாமல் அளப்பதை நான் தவிர்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வெளியே வரும் வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சுமையின்றி உரக்க ஓட்டினால், முதன்மைச் சுருளில் எழும் மின்னழுத்தம் காப்பை உடைத்துவிடக்கூடும். 16 ஓமில் 2 வோல்ட் காட்டிய இடத்தில் 8 ஓம் போட்டதும் 1.8 வோல்ட் வந்தது. கணக்கிட்டால் வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 ஓம். என்னிடமிருந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அதே அளவீட்டில் மீட்டரின் முள் அசைந்ததாகவே தெரியவில்லை.

இந்த 2 ஓம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பழைய கதைக்கே போக வேண்டும். ஆனோடின் மின்னழுத்தம் மாறினால் மின்னோட்டமும் மாறுகிறது என்பதே டிரையோடுக்கு r என்ற உள்மின்தடையைத் தருகிறது. வெளியீட்டு டிரையோடுகளில் புகழ்பெற்ற 300B வால்வுக்கு அது சுமார் 700 ஓம். 3,000 ஓமை 8 ஓமாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் எல்லா மின்தடைகளையும் 375ஆல் வகுத்துக் காட்டும். ஆகவே 700 ஓம் வெளியே 1.9 ஓமாகத் தெரியும். சுருள்களின் சொந்த மின்தடையைச் சேர்த்தால் 2 ஓமைத் தாண்டிவிடும். ஐந்து முனைகள் கொண்ட பென்டோடு வால்வில் இடையில் இருக்கும் திரை ஆனோடின் செல்வாக்கை மறைத்துவிடுவதால் உள்மின்தடை மிகப் பெரிது. அங்கே பின்னூட்டம் கொடுத்து அதைக் கீழே கொண்டுவர வேண்டும். நண்பருடையது அந்த வகை. பின்னூட்டத்தை மிதமாகவே கொடுத்திருந்தார்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அலையின் கட்டத்தை, அதாவது அலை ஏறி இறங்கும் நேரத்தை, நகர்த்திவிடுவதால் வால்வு ஆம்ப்ளிஃபயரில் பின்னூட்டத்தைத் தாராளமாகக் கூட்ட முடியாது. கூட்டினால் சுற்று தானாகவே அலைவுறத் தொடங்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டிரான்சிஸ்டர் சுற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

8 ஓம் என்று அட்டையில் எழுதியிருக்கும் ஒலிபெருக்கி எந்த அதிர்வெண்ணிலும் நிலையாக 8 ஓமாக இருப்பதில்லை. நண்பருடைய இருவழி ஒலிபெருக்கி, அதன் அடிச்சுர ஒத்ததிர்வில், 60 ஹெர்ட்ஸுக்கு அருகே, சுமார் 30 ஓமுக்கு எழுகிறது. 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 6 ஓமுக்கு இறங்குகிறது. இரண்டு கூம்புகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் 2,000 ஹெர்ட்ஸ் பகுதியில் மீண்டும் 20 ஓமுக்கு ஏறுகிறது. 2 ஓமின் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மின்னழுத்தத்தைத் தருகிறது. 30 ஓமில் இழப்பு 0.6 டெசிபெல், 20 ஓமில் 0.8, 6 ஓமில் 2.5. ஆக, 200 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் ஆழ்ந்த அடிச்சுரம் ஏறத்தாழ 2 டெசிபெல் உயர்ந்தும், குரலின் தெளிவு வாழும் 2,000 ஹெர்ட்ஸ் பகுதி ஏறத்தாழ 1.7 டெசிபெல் உயர்ந்தும் ஒலிக்கிறது. இரண்டு டெசிபெல் என்பது அகன்ற பட்டையில் யாருக்கும் கேட்கும் வேறுபாடு. அடிச்சுரம் நிறைவாக இருக்கிறது, பாடகர் ஓரடி முன்னால் வந்து நிற்கிறார் என்று நண்பர் சொன்னது இந்த மேடுபள்ளத்தைத்தான் என்று எனக்குப் பட்டது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 0.05 ஓம் என்று கொண்டால், அதே ஒலிபெருக்கியில் ஏற்ற இறக்கம் 0.06 டெசிபெல் மட்டுமே.

எனக்கு இந்த விஷயத்தின் முடிச்சு அவிழ்ந்தது இந்தக் கணக்கில்தான். ஆனால் கணக்கை மட்டும் நம்பி விட்டுவிட மனமில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் 2 ஓம், 20 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்தோம். மின்தடையால் ஒலி குறைந்துவிடும் என்பதால், சோதனைச் சுரம் ஒன்றை வைத்து ஒலிபெருக்கி முனைகளில் மீட்டரால் அளந்து இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் அளவையும் சமப்படுத்தினோம். இதைச் செய்யாமல் ஒப்பிடுவதில் பயனே இல்லை. அரை டெசிபெல் உரக்க இருப்பதுகூட 'உயிரோட்டமாக' இருப்பதாகவே காதில் படும். நண்பர் திரும்பி உட்கார்ந்துகொள்ள, இணைப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மின்தடை இல்லாத டிரான்சிஸ்டரை அவர் எளிதாகக் கண்டுபிடித்தார். மின்தடை இணைத்த டிரான்சிஸ்டரையும் வால்வையும் அவரால் நிலையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "அப்படின்னா என் காதுல விழுந்தது இந்த ரெண்டு ஓமா?" என்று கேட்டார். அவருடைய ஒலிபெருக்கியில், அந்த ஒலியளவில், ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

ஒரு மாலை நேரத்துச் சோதனை எதையும் நிறுவிவிடாது. ஆனால் இதைவிடக் கடுமையான வடிவில் பாப் கார்வர் 1985இல் செய்து காட்டியது பலருக்கும் தெரிந்ததே. விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வெளியீட்டிலிருந்து தம்முடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டைக் கழித்து, எஞ்சும் வேறுபாடு ஏறக்குறைய மறையும்வரை தம்முடையதை அவர் திருத்திக்கொண்டே போனார். முடிவில் 'ஸ்டீரியோஃபைல்' இதழின் பழகிய காதுகளாலேயே இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை.

## வால்வு உண்மையில் பேசும் இடம்

இதெல்லாம் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லைக்குள் ஓடும்போது. எல்லையைத் தாண்டினால் கதை வேறு. கிட்டார் வாசிப்பவர்கள் வால்வை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு வலுவான காரணம் அங்கேதான் இருக்கிறது. நாம் கணக்கிட்ட நிலையில் கிரிட் 1.5 வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் நிற்கிறது. வரும் சிக்னல் 1.5 வோல்ட்டைத் தாண்டினால் கிரிட் நேர்மின்னழுத்தத்துக்குப் போய் எலக்ட்ரான்களைத் தானே ஏற்கத் தொடங்குகிறது. அலையின் அந்தப் பாதி தட்டையாகிவிடுகிறது. மறுபாதி இன்னும் வளைந்துகொண்டே நீள்கிறது. அதோடு, கிரிட்டுக்குப் போன மின்னோட்டம் இணைப்புக் கெபாசிட்டரை மின்னேற்றி, வால்வின் நிலைப்புள்ளியையே இடம் மாற்றிவிடுகிறது. 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 1 மெகாஓம் மின்தடையும் இருந்தால் அது பழைய நிலைக்குத் திரும்ப 22 மில்லிவினாடி அளவிலான நேரம் பிடிக்கும். வாசிப்பவரின் விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலியின் நிறம் மாறுவதில் இதற்கும் பங்கு உண்டு. கெபாசிட்டரை 0.1 மைக்ரோஃபாரடாகப் பெருக்கிவிட்டால் அதே நிகழ்வு 100 மில்லிவினாடிக்கு நீண்டு, உரத்த சுரத்துக்குப் பின் வரும் மெல்லிய சுரங்கள் அடைத்துக்கொண்டு தும்முவது போல் வெளிவரும். அப்போது பலர் வால்வை மாற்றிப் பார்க்கிறார்கள். பழுது வால்வில் இல்லை.

வீட்டில் இசை கேட்பவர்களில் இந்த எல்லையை அடிக்கடி தொடுபவர்கள், பின்னூட்டமே இல்லாத ஒற்றை வெளியீட்டு டிரையோடு வைத்திருப்பவர்கள்தாம். 300B ஒன்றிலிருந்து கிடைப்பது 8 வாட் அளவு. அதை உணர்திறன் குறைந்த ஒலிபெருக்கியோடு இணைத்தால் பாட்டின் உச்சங்களில் இரண்டாம் ஹார்மானிக் பல விழுக்காடு ஏறும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் ஆழ்ந்த அடிச்சுரத்தில் முதலில் நிறைவுற்று மூன்றாம் ஹார்மானிக்கையும் சேர்க்கும். அந்த அமைப்பின் உரிமையாளர் இரட்டைப்படைக் கதையைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவர் விஷயத்தில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவருக்கும் 2 ஓம் கதை கூடவே நடக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெல்லிய படலத்தில் தட்டையான கடத்திகளைப் பதித்துச் செய்யும் காந்தப் படல ஒலிபெருக்கிகளின் இம்பீடன்ஸ், கேட்கும் எல்லை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அத்தகைய ஒலிபெருக்கியை இணைத்தால் 2 ஓமால் ஒட்டுமொத்த ஒலியளவு சற்றுக் குறையுமே தவிர, எந்தப் பகுதியும் உயரவோ தாழவோ செய்யாது. பின்னர் ஒருமுறை நண்பரின் ஆம்ப்ளிஃபயரை அப்படிப்பட்ட ஒன்றோடு, மிதமான ஒலியில், அளவைச் சமப்படுத்திக் கேட்டோம். நிறைந்த அடிச்சுரமும் முன்னால் வந்து நின்ற குரலும் அங்கே கேட்கவில்லை. ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனபோது, அவருடைய வால்வுகள் திணறத் தொடங்கிய இடத்தில்தான் இரண்டும் மீண்டும் வேறுவேறாகக் கேட்டன.